பெட்டிப் பாலின் நுரை, புதுப்பாலின் சுவை: காபிக்குப் பால் வாங்கிய அனுபவம்

நீராவிக் குழாய் உள்ள காபி இயந்திரம் ஒன்றை அண்மையில் வாங்கிய நண்பர், எந்தப் பாலை வாங்கினால் நுரை ஒழுங்காக வரும் என்று கேட்டிருந்தார். நுரையை மட்டும் கணக்கில் எடுத்தால், மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பால்தான் என் பதில். ஆனால் என் காபிக்கு நான் வாங்குவது அதுவன்று. இந்த முரண்பாட்டை விளக்க வேண்டுமானால், புதுப்பாலின் மீது எனக்கு இருக்கும் நெடுநாள் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் புதுப்பால் என்பது பாஸ்டரைஸ் செய்து, குளிரில் வைத்து விற்கப்படும் கொழுப்பு நீக்காத பால். குளிர்ந்த பாலில் நீராவிக் குழாயின் நுனியை மேற்பரப்புக்குச் சற்றே கீழே வைத்துக் காற்றை உள்ளிழுக்கச் செய்து, பாத்திரம் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்ததும் நுனியை ஆழத்தில் இறக்கி, 60 டிகிரி செல்சியஸ் வரை சுழலவிட வேண்டும். நல்ல நாளில் நுரைக்குமிழிகள் கண்ணுக்குத் தெரியாது. மேற்பரப்பு அப்போதுதான் பூசிய சாயம்போல் பளபளக்கும். கெட்ட நாளிலும் பால் அதே உயரத்துக்குப் பொங்கி நம்மை ஏமாற்றும். நீராவியை நிறுத்திய சில நொடிகளில் மெல்லிய சடசடப்புக் கேட்கத் தொடங்கும். குமிழிகள் பெரிதாகி ஒவ்வொன்றாக உடைய, கோப்பையில் ஊற்றும்போது மேலே ஓட்டை விழுந்த நுரையும் கீழே வெறும் சூடான பாலுமாகப் பிரிந்து நிற்கும்.

ஒரே நிறுவனத்தின் பால், காலாவதித் தேதி தாண்டாத பால், முகர்ந்தாலும் குடித்தாலும் குறை சொல்ல முடியாத பால். அப்படியிருந்தும் ஒரு வாரம் நுரைக்கிறது, மறு வாரம் நுரைப்பதில்லை. இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்து, பழுதுபார்ப்பவரை அழைத்துக் குழாய் நுனியைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் உண்டு. அவர் போன பிறகும் அதே பால் அதே சடசடப்போடு அடங்கியது. உடனே ஒரு பெட்டிப் பாலைக் குளிரவைத்து, அதே பாத்திரத்தில் அதே அளவு ஊற்றி, அதே நீராவியில் அடித்தேன். நுரை அசையாமல் நின்றது. இயந்திரமா பாலா என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

இப்படி நடப்பதற்கான காரணம் பெரும்பாலும் பாலின் கொழுப்பில் இருக்கிறது. பாலில் கொழுப்பு மெல்லிய சவ்வு போர்த்திய சிறு உருண்டைகளாக மிதக்கிறது. கறந்த பால் குழாய்களிலும் பம்புகளிலும் அளவுக்கு மீறிக் கலக்கப்பட்டால் அந்தச் சவ்வு கிழிகிறது. பாலிலேயே இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி உள்ளே புகுந்து கொழுப்பை உடைக்கிறது. குமிழியைத் தாங்குவது அதன் மேல் படியும் புரதத் தோல். உடைந்த கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களும் மற்றத் துண்டுகளும் புரதத்தை அங்கிருந்து விலக்கிவிட்டுத் தாமே அமர்ந்துகொள்கின்றன; ஆனால் அவற்றால் குமிழியைத் தாங்க முடியாது. பாஸ்டரைஸ் செய்யும்போது, அதாவது வழக்கமாக 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும்போது, அந்த நொதி ஏறக்குறைய முழுவதும் செயலிழந்துவிடும். எனவே கேடு பெரும்பாலும் அதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்திருக்கும். நாம் வீட்டில் எவ்வளவு கவனமாகக் குளிரில் வைத்தாலும் அதைத் திருப்ப முடியாது. கொழுப்பு மிகவும் உடைந்தால் பால் காறி, சோப்பு நெடி அடிக்கும். அந்த நிலைக்கு வெகு முன்பே நுரை கெட்டுவிடுவதால் நாக்கு நம்மை எச்சரிப்பதில்லை. பணம் கொடுத்து வாங்குபவருக்கு அறிகுறி எதுவும் காட்டாத குறை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது.

பெட்டிப் பாலில் இந்தச் சூதாட்டம் கிடையாது. ஒரே தொகுதியில் அடைக்கப்பட்ட பெட்டிகளை வாங்கி வைத்தால், முதல் பெட்டி நடந்துகொண்டபடியே அடுத்ததும் நடந்துகொள்கிறது. 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, கொழுப்பு உருண்டைகளை அழுத்தத்தால் மிகச் சிறிதாக உடைத்துச் சீராகக் கலந்த பால் அது. அந்தச் சூட்டில் மோர்ப்புரதங்கள் சுருள் அவிழ்ந்து, ஒரு பகுதி பாலின் முக்கியப் புரதமான கேசீனின் துகள்களோடு ஒட்டிக்கொள்கின்றன. என் அனுபவத்தில் அதன் நுரை புதுப்பாலின் நல்ல நாள் நுரைக்கு இணையாகவும், சில வேளைகளில் அதைவிட உறுதியாகவும் நிற்கிறது. இவ்வளவையும் மனமாரப் பாராட்டுகிறேன்.

பிறகு ஒரு வாய் குடிக்க வேண்டியிருக்கிறது. பெட்டிப் பாலில் ஒரு காய்ச்சிய வாடை உண்டு; மோர்ப்புரதம் அவிழும்போது வெளிப்படும் கந்தகச் சேர்மங்களே அதற்கு முக்கியக் காரணம். பெட்டி புதிதாக இருக்கும்போது அது தூக்கலாகத் தெரியும். சில வாரங்களில் தணியும். இன்னும் நாள் போனால் அதன் இடத்தில் அட்டையை நினைவூட்டும் ஒரு பழைய சுவை வந்துசேரும். ஆழமாக வறுத்த, அடர்த்தியான காபியில் இந்த வாடை அடங்கிவிடுவதோடு பாலின் இனிப்பும் சற்று மிகுந்து தோன்றும். அதைக் குறையென்று சொல்வது நியாயமாகாது. இலேசாக வறுத்த கொட்டையில் போட்டு, பழப்புளிப்பை எதிர்பார்த்துக் குடிக்கும் காபியிலோ, அந்த வாடை முன்னே வந்து நின்றுகொள்கிறது. புதுப்பாலைக் கொதிக்கவிட்டாலும் ஏறக்குறைய இதே கதிதான். அதனால்தான் 65 டிகிரியைத் தாண்டவிடாமல் நிறுத்துகிறேன்.

பால் பவுடரைத் தனியாகக் காபிக்குப் பயன்படுத்துவதை நான் கைவிட்டு வெகு காலமாகிறது. கொழுப்புள்ள பவுடரைக் கொதிக்கும் காபியில் நேராகக் கொட்டினால், அதன் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரியவைத்து, மேலே வெள்ளைப் பொட்டுகளை மிதக்கவிடும். 13 கிராம் பவுடரை 87 கிராம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சில மணி நேரம் குளிரில் ஊறவைத்துப் பிறகு சேர்த்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் திறந்து நாளான டப்பாவின் கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிய சுவையை எந்த ஊறலும் நீக்காது. கொழுப்பு நீக்கிய பவுடருக்கு அந்தக் கேடு குறைவு. அதன் நுரை உயரமாக எழும், ஆனால் வறண்டு, காபியோடு கலக்காமல் மூடிபோல் தனியே கிடக்கும்.

இருந்தாலும் கொழுப்பு நீக்கிய பவுடர் ஒரு டப்பா எப்போதும் என்னிடம் உண்டு. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம். 150 மில்லி புதுப்பாலில் ஒரு சிறு கரண்டியைக் கட்டியில்லாமல் கரைத்து அடித்தால், சோர்ந்த பாலிலும் நுரை ஓரளவு நிமிர்கிறது. கொழுப்பு நன்றாக உடைந்துபோன பாலை இதுவும் காப்பாற்றாது. இரண்டாவது கரண்டி போட்டால் காபியில் மாவுச்சுவை ஏறுவதுதான் மிச்சம்.

ஆகவே நண்பருக்குச் சொல்வது இதுதான்: விருந்தினருக்கு நுரையின் மேல் கோலம் வரைந்து காட்டுவதாக இருந்தால் பெட்டிப் பாலை முந்தைய இரவே குளிரவைத்துக்கொள்ளுங்கள், இயந்திரத்தில் கை பழகும் வரையிலும் அதையே வைத்துக்கொள்வது நல்லது, நுரை சரியாக வரவில்லையென்றால் பாலின் மேல் பழி போட வழியிருக்காது. எனக்கு மட்டும் என்று கலக்கும் காபிக்கு, இவ்வளவு திட்டிய பிறகும், புதுப்பாலைத்தான் வாங்கப் போகிறேன். நேற்று வாங்கியது நன்றாக நுரைத்தது. இன்று அப்படி நுரைக்காதிருந்தால் இந்தத் தீர்ப்பை வேறுவிதமாக எழுதியிருப்பேன்.