சாய்வை நம்பலாமா, பரப்பை நம்பலாமா?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் ஒரு டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். வளைவில்லாத ரோட்டில் ஒரு ஸ்டாப்பில் கிளம்பி 20 நொடியில் மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்துக்கு வருகிறது, 30 நொடி அதே வேகத்தில் ஓடுகிறது, அப்புறம் பிரேக் போட்டு 10 நொடியில் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறது. திசைவேகம்–காலம் வரைபடத்தில் இது ஒரு சரிவகம். ஏறும் கோட்டின் சாய்வு 10/20, ஆக முடுக்கம் 0.5 மீ/வி². இறங்கும் கோட்டில் −1. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு 100 + 300 + 50, ஆக இடப்பெயர்ச்சி 450 மீட்டர்.

புத்தகக் கணக்கு இதோடு முடிந்துவிடும். ஆனால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து 2 நொடிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நீங்களே குறித்தால் எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது. அப்போதுதான் இந்த இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரியும்.

8ஆவது நொடியில் 4, 10ஆவது நொடியில் 5 என்று இருக்க வேண்டியதை நீங்கள் 3.5, 5.5 என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த இரண்டு புள்ளிக்கு நடுவே சாய்வு 2/2 = 1 ஆகிறது, அதாவது முடுக்கம் அப்படியே இரண்டு மடங்கு! பரப்போ முன்பும் 9 மீட்டர், இப்போதும் 9 மீட்டர். பரப்பு என்பது கூட்டல், அதனால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். சாய்வு என்பது கழித்தல், இரண்டு பிழையும் சேர்ந்து ஒரு சின்ன நேர இடைவெளியால் வகுபடுவதால் பூதாகரமாகத் தெரியும். மருந்து எளிது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை விட்டுவிட்டு எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே ஓடும்படி ஒரு நீளக் கோடு போட்டு, அதன் இரு முனைகளில் படியுங்கள். முனைகளில் அதே 0.5 பிழை எதிரெதிராக இருந்தாலும்கூட 20 நொடியால் வகுக்கும்போது 0.05தான் தவறும். முடுக்கம் மாறிக்கொண்டே இருந்தால் மட்டும் இது ஆகாது, அங்கே தொடுகோடுதான் வரைய வேண்டும்.

சரி, பரப்புதான் எப்போதும் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். மீட்டர் முள் எல்லா நேரமும் 0.5 மீ/வி கூடுதலாகக் காட்டினால் கோடு முழுக்க மேலே நகரும், ஆனால் சாய்வு துளிகூட மாறாது. பரப்பில் 60 நொடிக்கு 30 மீட்டர் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும், நேரம் ஆக ஆக இன்னும் வளரும். செங்குத்தான திசைவேக அச்சை 0க்குப் பதில் 2இல் தொடங்கிவிட்டு, கட்டங்களை எண்ணிப் பரப்பு எடுப்பவர்களுக்கும் இதே கதிதான்: சாய்வு சரியாக வரும், இடப்பெயர்ச்சி குறைந்துபோகும்.

ஆகவே முடுக்கம் வேண்டுமென்றால் கோட்டை நீளமாகப் போடுங்கள். இடப்பெயர்ச்சி வேண்டுமென்றால் பஸ் கிளம்பும் முன்பே முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த அளவை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்த பிறகே கட்டங்களை எண்ணுங்கள்.