தேய்ந்த தம்ப்ஸ்டிக்: துடைப்பதா, அதே வகையை மாற்றுவதா, ஹால் வகைக்குப் போவதா?

கேம் கன்ட்ரோலரின் தம்ப்ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்த பிறகும் ஆட்டத்தில் பாத்திரம் தானாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால், கோளாறு பெரும்பாலும் தம்ப்ஸ்டிக் மாட்யூலின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களில் ஒன்றில்தான் இருக்கும். அதனுள்ளே ஒரு கார்பன் பூச்சுத் தடத்தின் மேல் மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. தடம் தேய்ந்தாலோ, உதிர்ந்த தூள் நாக்கின் அடியில் சிக்கினாலோ, நடுநிலைக்கான மின்னழுத்தம் பிசகிவிடுகிறது. துடைத்துப் பார்ப்பது, அதே வகை மாட்யூலைப் புதிதாக வைப்பது, காந்தத்தால் இயங்கும் ஹால் வகையை வைப்பது என்று இதற்கு மூன்று வழிகள் உண்டு.

என்னுடைய வயர் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை லினக்ஸில் `jstest /dev/input/js0` கொண்டு பார்த்தபோது, தொடாமல் வைத்திருந்த நிலையிலேயே கிடைமட்ட அச்சு −3100 காட்டியது. முழு வீச்சு 32767 என்பதால், ஏறத்தாழ ஒன்பதரை விழுக்காடு பிசகு. முதலில் துடைத்துப் பார்த்தேன். கேபிளைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு, கூட்டைத் திறந்து, பொட்டென்ஷியோமீட்டரின் பிளாஸ்டிக் மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிகளை மெல்ல நெம்பி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சக்கரத்தை எடுத்து, தடத்தையும் நாக்கையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். சாலிடரிங் அயர்னே தேவைப்படவில்லை. எண்ணும் −600க்கு இறங்கியது. மூன்றே வாரத்தில் மறுபடி −2800 ஆனது. துடைத்த தடத்தில், நாக்கு எப்போதும் நிற்கும் நடுப்பகுதியில் மட்டும் வெளிறிய கோடு ஒன்றை அன்றே பார்த்திருந்தேன். அந்தக் கோடு தெரிந்தால், துடைப்பது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்து, தடம் கறுப்பாகச் சீராக இருந்தால், துடைப்பதே போதுமானதாக இருக்கலாம்.

மாட்யூலை முழுதாக மாற்றுவதில் கடினமான பகுதி பழையதைக் கழற்றுவதே. உலோகக் கூட்டின் கால்கள் 4, பொட்டென்ஷியோமீட்டர்களின் கால்கள் 6, அழுத்து சுவிட்சின் கால்கள் 4 என 14 இடங்களில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பதினான்கையும் ஒரே நேரத்தில் உருக்கி உருவ முயல்கிறவர்கள்தான் துளையின் செம்பு வளையத்தைக் கிழித்துவிடுகிறார்கள். பழைய மாட்யூல் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது. காப்பாற்ற வேண்டியது போர்டை மட்டுமே. ஆகவே பொட்டென்ஷியோமீட்டர்களையும் சுவிட்சையும் கட்டரால் வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆலையில் இட்ட ஈயமில்லாச் சாலிடர் சுமார் 217 பாகை செல்சியஸில்தான் உருகத் தொடங்கும். அதன் மேல் ஃப்ளக்ஸும் சிறிது 63/37 ஈயச் சாலிடரும் சேர்த்தால் கலவை அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். உலோகக் கூட்டின் கால்கள் பரந்த தரைச் செம்போடு இணைந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே அகலமான முனையை வைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அழுத்தவோ நெம்பவோ கூடாது.

துளைகளைச் சாலிடரை உறிஞ்சும் விக் கொண்டு சுத்தம் செய்தபின், புதிய மாட்யூலின் ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டரிலும் இரு ஓரக் கால்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பொதுவாக 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். நடுக்காலில் வைத்து ஸ்டிக்கை அசைத்தால் எண் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். மாட்யூலைப் போர்டில் முழுவதும் படிய வைத்து, எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு உலோகக் கால்களை மட்டும் முதலில் பற்றவைத்து, சாய்வு இல்லை என்று உறுதிசெய்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் ஓர் அச்சு ஒரே கோடியில் ஒட்டிக்கொண்டு நின்றால், அநேகமாக ஓரக்கால் ஒன்று இணையவில்லை. எண் காரணமில்லாமல் அலைந்தால் நடுக்காலைப் பாருங்கள். வளையம் கிழிந்திருந்தால், அதே தடத்தில் அடுத்து வரும் உறுப்பிலிருந்து மெல்லிய கம்பி இழுத்துச் சரிசெய்யலாம்.

ஹால் வகையில் உரசும் தடமே இல்லாததால் இந்தத் தேய்மானம் வராது. ஆனால் ஸ்பிரிங்கும் சுவிட்சும் அதிலும் தேயும். கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பது பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலருக்குத்தான் கவலை. வயர் வகைக்கு அது பொருட்டில்லை. போர்டு ஓரக்கால்களுக்குத் தரும் மின்னழுத்தம் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் வேறுபடும் என்பதால், அதை அளந்து, அதற்கேற்ற மாட்யூலையே வாங்க வேண்டும். நடுநிலையைத் திருத்த உங்கள் கன்ட்ரோலரில் வழி இல்லையென்றால், புதிய மாட்யூலே முதல் நாளிலிருந்து பிசகு காட்டக்கூடும். அந்த வழி இல்லாத காரணத்தால்தான் நான் பொட்டென்ஷியோமீட்டர் வகையையே வைத்தேன். கூட்டை மூடும் முன் கேபிளைச் செருகிப் பார்த்தபோது, நடுநிலை எண் 200க்குள் நின்றது. ஸ்டிக்கை அழுத்தினால் வரும் சுவிட்ச் பொத்தானும் வேலை செய்தது.