ரிவர்ஸ் ஃபுட் ரிக்னு சொல்லி 18,500 ரூபா வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, ரிக் வாங்குறவங்க தயவு செஞ்சு படிங்க

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு "உங்க புகார் முடிக்கப்பட்டது"னு மெயில் வந்துச்சு, அதுக்கப்புறம் தூக்கமே வரல, உக்காந்து இத டைப் பண்றேன். போனது 18,500 ரூபா. சின்ன ப்ராஜெக்ட் பண்றவனுக்கு அது ஒரு மாச வாடகையும் மளிகையும்.

வேலை இதுதான். 40 செகண்ட் அனிமேஷன், ஒரு தபால்காரர் தெருவுல நடந்து வந்து முனையில திரும்பி ஒரு வீட்டு வாசல்ல நிக்கணும். மாடல் நான் பண்ணிடுவேன், அனிமேஷனும் நானே, மாடல அசைக்க உள்ள எலும்பும் வெளிய கன்ட்ரோலும் போடுற ரிக்கிங் மட்டும் எனக்கு வராது. அதனால ஆள் புடிச்சுக் குடுக்குற ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்துல ஒரு தம்பிய புடிச்சேன். நாப்பது செகண்டும் நடைதான்கிறதால, மாயா சாஃப்ட்வேர்ல ரிவர்ஸ் ஃபுட் கண்டிப்பா வேணும், ஹீல், டோ, பால் மூணு பிவட்டும், அதாவது பாதம் சுத்துற மூணு மையமும், தனித்தனியா இருக்கணும்னு முதல் மெசேஜ்லயே எழுதினேன். பால்னா கால் விரல் மடங்குற இடம். நடக்கும்போது முதல்ல குதிகால் தரையில படும், அப்ப பாதம் குதிகால் மேல சுத்தி கீழ இறங்கும். அப்புறம் குதிகால் தூக்கும்போது விரல் தரையிலயே இருக்கும், பாதம் விரல் மடங்குற இடத்துல சுத்தும். கடைசியா நுனி விரல் மேல சுத்திட்டு கால் கிளம்பும். கணுக்கால நகத்தினா முட்டி தானா மடங்குற சாதாரண ஐகேல எல்லாமே கணுக்கால் மேலதான் சுத்தும், அதனால குதிகால தூக்கினா விரல் தரைக்குள்ள போயிடும். இத நான் விளக்கும்போது "அண்ணா, நான் நூறு கேரக்டர் பண்ணியிருக்கேன், பக்காவா குடுக்குறேன்"னு சொன்னான்.

நான் நம்புனது எங்கன்னா, டெலிவரி அன்னைக்கு அவன் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி காமிச்சான். கேரக்டர் நேரா நிக்குது, ரோல்னு ஒரு ஸ்லைடர், மைனஸ்ல இழுத்தா விரல் மேல வருது, ப்ளஸ்ல இழுத்தா குதிகால் தூக்குது, விரல் தரையில அப்படியே நிக்குது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "அண்ணா, அப்ரூவ் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும், வீட்டுல கொஞ்சம் அவசரம்"னான். பாவம்னு அப்பவே அப்ரூவ் அழுத்திட்டேன். 18,500 போயிடுச்சு.

அடுத்த நாள் நடைய ஆரம்பிச்சேன். 24 ஃப்ரேம்ல ரெண்டு ஸ்டெப், முதல் ஃப்ரேம்ல இடது குதிகால் படுது, ரோல் மைனஸ் 25, நாலாவது ஃப்ரேம்ல பாதம் முழுசா தரையில, ரோல் 0, பத்துக்கு மேல குதிகால் தூக்க ஆரம்பிக்கும், பதினஞ்சுல கால் கிளம்பும். கால் கன்ட்ரோல முன்னாடி 50 சென்டிமீட்டர் வச்சுட்டு ரோல 30 ஆக்குனேன். பாதம் 25 சென்டிமீட்டர் தரைக்குள்ள போயிடுச்சு!! பின்னாடியும் ஒரு 7 சென்டிமீட்டர் இழுத்துக்கிச்சு. முனையில திரும்புற ஷாட் இதவிட மோசம், கன்ட்ரோல 90 டிகிரி திருப்பிட்டு ரோல் குடுத்தா குதிகால் தூக்கவே இல்ல, பாதம் பக்கவாட்டுல சாயுது.

கேட்டேன். முதல் பதில், "அண்ணா உங்க கர்வ் தப்பா இருக்கும், கிராஃப் எடிட்டர்ல லீனியர் ஆக்குங்க." ஆக்கினேன், அதேதான். ரெண்டாவது பதில், "மாடல்ல ஸ்கேல் ஃப்ரீஸ் பண்ணல போல." பண்ணித்தான் குடுத்தேன், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். மூணாவது, "இது ரிவிஷன்ல வராது, எக்ஸ்ட்ரா 4,000 ஆகும்." அதுக்கப்புறம் படிச்சுட்டு பதில் இல்ல. தளத்துக்கு எழுதினா, ஃபைல் வந்துடுச்சு, நீங்க ஏத்துக்கிட்டீங்க, வேலையோட தரத்துல நாங்க தலையிட மாட்டோம்னு ஒரே பதில மூணு தடவ ஒட்டுனாங்க. 18,500 ரூபாய்க்கு மூணு ஒட்டு பதில்.

முன்னாடி கூட வேலை பாத்த ஒரு அக்காகிட்ட ஃபைல அனுப்பினேன், அவங்க அவுட்லைனர திறந்த உடனே சொல்லிட்டாங்க, "தம்பி, இதுல ஒரு காலுக்கு ஐகே ஹேண்டில் ஒன்னுதான் இருக்கு, மூணு இருக்கணும்ல." அவன் என்ன பண்ணியிருக்கான்னா, கன்ட்ரோலுக்கு மேல ஒரு குரூப்ப வச்சு, கணுக்கால் இருக்குற இடத்துல பிவட்ட வச்சு சுத்திவிட்டிருக்கான், தரைக்குள்ள போறத மறைக்க அந்த குரூப்பயே செட் ட்ரிவன் கீல கொஞ்சம் மேல தூக்கியிருக்கான், விரல் ஜாயின்ட்ட எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கான். குரூப் மேல இருக்கறதால கன்ட்ரோல எங்க நகத்தினாலும் பிவட் பழைய இடத்துலயே நிக்கும், நீங்க 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனா பாதம் அம்பது சென்டிமீட்டர் நீளக் குச்சி நுனியில கட்டுன மாதிரி சுத்தும். 30 டிகிரிக்கு சைன் 0.5, அதான் சரியா 25. தெரியாம நடந்த தப்பு இல்ல இது, நின்ன இடத்துல டெமோ காமிக்கறதுக்குன்னே பண்ணது. இத நினைக்கும்போதுதான் வயிறு எரியுது.

உண்மையான அமைப்பு இப்படி இருக்கணும்னு அக்கா போட்டுக் காமிச்சாங்க, எல்லாமே கன்ட்ரோலுக்கு கீழ:

```
L_foot_ctrl
  L_heel_piv
    L_toe_piv
      L_ball_piv
        L_ankle_ikh
      L_toeTap_grp
        L_ball_ikh
        L_toe_ikh
```

ஹீல் பிவட் ஷூவோட பின் விளிம்புல தரை மட்டத்துல, டோ பிவட் ஷூ நுனியில தரை மட்டத்துல, பால் பிவட்டும் டோ டேப் குரூப்போட பிவட்டும் பால் ஜாயின்ட் இருக்குற அதே புள்ளியில. இடுப்புல இருந்து கணுக்காலுக்கு ரொடேட் ப்ளேன், மத்த ரெண்டுக்கும் சிங்கிள் செயின். முக்கியமானது, விரலோட ஹேண்டில் பால் பிவட்டுக்கு கீழ போகக் கூடாது, டோ பிவட்டுக்கு கீழதான் இருக்கணும். மூணையும் பால் பிவட்டுக்குள்ள போட்டா குதிகால் தூக்கும்போது விரலும் சேந்து சுத்தி தரைய குத்தும். ரோல் மைனஸ்னா ஹீல் மட்டும் சுத்தணும், 0ல இருந்து 30 வரைக்கும் பால், 30 தாண்டினா பால் மெல்ல 0க்கு திரும்பி டோ எடுத்துக்கணும். எங்க ஷூவுக்கு 30 சரியா வந்துச்சு, உங்க கேரக்டருக்கு மாறலாம். இப்படி கட்டினதுக்கு அப்புறம் அதே 50, அதே 30, விரல் இம்மி நகரல, 90 டிகிரி திருப்பியும் நகரல. அவங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் ஆச்சு, காசும் வாங்கல.

என்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா இன்னும் பதினோரு ஷாட் பாக்கி இருக்கு, சீக்கிரம் சொல்லிடறேன். நின்ன இடத்துல காமிக்கற டெமோவ நம்பாதீங்க, கால் கன்ட்ரோல தூரமா நகத்தி, 90 டிகிரி திருப்பி, அப்புறம் ரோல் போடச் சொல்லுங்க. ஷூ நுனிக்கு கீழ தரையில ஒரு லொக்கேட்டர் வச்சுட்டு ரோல 0ல இருந்து 30க்கு மெதுவா இழுங்க, நுனி அத விட்டு நகந்தா வாங்காதீங்க. ஒரு காலுக்கு மூணு ஐகே ஹேண்டில் இருக்கான்னு எண்ணுங்க. ஃபைல உங்க மெஷின்ல நீங்களே ரெண்டு ஸ்டெப் நடக்க வைக்கற வரைக்கும், யாரு வீட்டுல என்ன அவசரம்னாலும் அப்ரூவ் அழுத்தாதீங்க. நான் அழுத்தினேன், 18,500 ரூபா, இன்னைக்கு வரைக்கும் ஒரு பைசா திரும்பல.