அப்பாவுடன் நான்கு ஆண்டுகள்: எனக்குக் கைகொடுத்த பாட்டுகள், கைவிட்ட பாட்டுகள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். படுக்கையிலிருந்து கழிவறைக்கு இருபது அடி தூரம்தான். அதைக் கடக்கச் சில நாள் கால் மணி நேரமாகும். அறை வாசலுக்கு வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். "வாங்கப்பா, காலை எடுத்து வையுங்கள்" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பதற்றம் கூடும், கால் இன்னும் இறுகும். இந்த நான்கு ஆண்டுகளில் தூக்கிவிடுவதோ துணி மாற்றுவதோ என்னை அவ்வளவாக வதைக்கவில்லை. அந்த வாசலில் நின்று காத்திருந்ததுதான் வதைத்தது. ஒரு நாள் அவர் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான், என் பொறுமை தீர்ந்துவிட்டது என்று எனக்கே புரிந்தது.

தெரிந்தவர்கள் பாட்டு கேட்கச் சொன்னார்கள். முதலில் என் கைக்கு வந்தவை பெற்றோரைப் போற்றும் பாடல்கள். 'மன்னன்' படத்தில் யேசுதாஸ் பாடிய 'அம்மா என்றழைக்காத' பாட்டை யாரோ அனுப்பினார்கள். அருமையான பாட்டுதான். ஆனால் திரையில் மகன் சலிக்காமல் தாயைப் பார்த்துக்கொள்வதைக் காணும்போது, அன்று காலை நான் கத்தியதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டு முடித்தபோது முன்னைவிடச் சோர்ந்திருந்தேன். அந்த வகைப் பாட்டுகளை அன்றோடு நிறுத்தினேன். பெற்றவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அவற்றை அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன்.

திருப்பம் எங்கள் இயன்முறை மருத்துவரிடமிருந்து வந்தது. தாளம் காதில் விழுந்தால், உள்ளிருந்து தொடங்க முடியாத அடியை வெளியிலிருந்து தொடங்கிவிட முடியும், கைதட்டிப் பாருங்கள் என்றார். கைதட்டினால் அப்பாவின் தோளைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. அதனால் பாட்டு. எங்கள் ஊர்ப்பக்கம் சங்கரன்கோவில். பக்கத்துச் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது பாடியது என்று சொல்லப்படும் காவடிச்சிந்தை அப்பா சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். நடந்துபோகிறவர்களுக்காகவே பிறந்த பாட்டு அது. அலைபேசியில் ஒரு பதிவை ஓடவிட்டேன்.

அன்று விழப் பார்த்தார். பதிவு அவருடைய நடையைவிட வேகமாக இருந்தது. பாட்டைப் பிடிக்கும் அவசரத்தில் அடிகள் குறுகி, முன்னோக்கிச் சரிந்து, பொடிநடையாக ஓடத் தொடங்கிவிட்டார். இந்த நோயில் இது ஆபத்தான அடையாளம். பாதம் தரையில் தேயும் ஒலி கேட்டால் பாட்டு வேகம் என்று பொருள். அப்படிக் கேட்டால் பாட்டை நிறுத்தி, அவரையும் நிறுத்தி, நிமிரவைத்து, மறுபடி தொடங்க வேண்டும்.

பிறகு முறையாகச் செய்தேன். அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் கால் நிமிடத்துக்கு அடிகளை எண்ணினேன். பத்தொன்பது. அப்படியென்றால் நிமிடத்துக்கு எழுபத்தாறு. எனக்குக் கிடைத்த எந்தப் பதிவும் அந்த வேகத்துக்கு இறங்கி வரவில்லை. ஆகவே நானே பாடினேன். முதலில் நின்ற இடத்திலேயே இரண்டு வரி. அவர் உடல் இடமும் வலமுமாக மெல்ல அசையத் தொடங்கியதும், அடுத்த அழுத்தம் விழும் இடத்தில் முதல் அடி. "சென்னி குளநகர் வாசன்" என்று நான் எடுத்தால் வாசலைத் தாண்டிவிடுவார். சில நாள் அவரும் கம்மிய குரலில் முணுமுணுத்தார். திரும்பும் இடத்தில் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவேன். பாடிக்கொண்டே திரும்பினால் கால்கள் பின்னிக்கொள்கின்றன.

நான் எதிர்பாராத பலன் எனக்குக் கிடைத்தது. முன்பு அந்த வாசலில் வேலையில்லாமல் நின்று அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எரிச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. பாடும்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அழுத்தத்தைச் சரியான இடத்தில் போட வேண்டும், மூச்சை அடுத்த வரிக்கு மிச்சம் வைக்க வேண்டும். கால் மணி நேரம் ஐந்தாறு நிமிடமாகக் குறைந்தது உண்மை. கால் மணி நேரமே ஆன நாளிலும் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது.

இது எப்போதும் பலிப்பதில்லை. மாத்திரையின் வேகம் இறங்கிவிட்ட நேரத்தில் எந்தப் பாட்டும் காலை நகர்த்தாது. அப்போது பாடிப் பாடித் தோற்றால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. எங்களுக்கு மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நடை. சாப்பாட்டு நேரத்தில் பாட்டே கிடையாது. விழுங்குவதில் அவருக்குச் சிரமம் உண்டு. பாட்டில் கவனம் போனால் புரையேறுகிறது.

எனக்கென்று தனியாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது. ஓதுவாராக இருந்த பெரியப்பா சொல்லிக்கொடுத்த சம்பந்தர் தேவாரம், 'இடரினும் தளரினும்'. தந்தை வேள்வி செய்யப் பொருள் கேட்டபோது, கொடுக்க ஒன்றுமில்லாத பிள்ளை ஆவடுதுறையில் நின்று பாடிய பதிகம். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும், என்ன நேர்ந்தாலும் உன்னை மறவேன் என்ற பொருளில் தொடங்கி, "இதுவோ எமையாளுமாறு" என்று கேட்டு முடிகிறது. எங்களைக் காக்கும் முறை இதுதானா என்று நேருக்கு நேர் கேட்கும் கேள்வி அது. துணி துவைக்கும் கல்லருகே நின்று, அந்த வரியை வாய்விட்டு, ஒரே மூச்சில் இழுத்துப் பாடுவேன். இனிமையான பாட்டுகள் என்னை அமைதியாக இருக்கச் சொன்னன. இது என் குறையைச் சொல்ல விட்டது. நெஞ்சில் அடைத்திருந்தது நீண்ட மூச்சோடு இறங்கும். மூன்று பாட்டு பாடினால் போதும், உள்ளே போய் அடுத்த வேலையைத் தொட முடியும். பண் காந்தார பஞ்சமம், கேதாரகௌளை ராகம் போலக் கேட்கும். சுருதி தவறினாலும் பரவாயில்லை. கேட்பதைவிடப் பாடுவதுதான் என்னை மீட்டது.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் நள்ளிரவில் துணி மாற்றும்போது 'கண்ணே கலைமானே' போட்டு வைப்பேன், எனக்கு உயிரான பாட்டு என்பதால். ஆறு மாதத்தில் அதன் முதல் இசை கேட்டாலே டெட்டால் வாடையும் அந்த இரவின் களைப்பும் எழுந்து வந்தன. இன்று ஒரு கல்யாண வீட்டில் ஒலித்தாலும் எனக்குத் தோள் இறுகுகிறது. வேலைக்கு ஒரு பாட்டை வைத்தால் அது வேலையோடு ஒட்டிக்கொள்ளும். மிகவும் பிடித்த பாட்டை ஒருபோதும் அந்த இடத்தில் வைக்காதீர்கள். இப்போது இரவு வேலைக்குச் சொற்களில்லாத நாகசுரப் பதிவு ஒன்றை மெதுவாக வைக்கிறேன். அது ஒட்டிக்கொண்டாலும் எனக்கு இழப்பில்லை.

மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் பதிகமும் பலிக்கவில்லை. வாயைத் திறந்தால் எரிச்சல், யார் பாடினாலும் இரைச்சல். பாட்டை மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணாயிற்று. உண்மையில் பத்து நாளாக நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கவே இல்லை. தம்பியைக் கூப்பிட்டு, "மூன்று இரவு நீ பார்த்துக்கொள், எனக்கு முடியவில்லைடா" என்றேன். அவன் வந்தான். நான்காம் நாள் கல்லருகே நின்றபோது பதிகம் தானாக வந்தது. அதன்பின், பாட்டு இரைச்சலாகக் கேட்கும் நாளில் பாட்டைத் தேடுவதில்லை, தம்பிக்குத்தான் போன் செய்கிறேன். இப்போது மாதத்துக்கு மூன்று இரவு அவனுடையவை. அவனுக்கும் காவடிச்சிந்தை எழுபத்தாறு அடி வேகத்தில் பாடப் பழக்கியிருக்கிறேன். கொஞ்சம் வேகமாகத்தான் எடுக்கிறான், அப்பாவே "மெதுவா" என்று கையைக் காட்டுகிறார்.