நாள் கணக்கா, தேதியா? தீபாவளி விற்பனைப் பக்கத்தின் கேள்வி-பதிலை எப்படி எழுதலாம்

தீபாவளித் துணி விற்பனைக்கு ஒரு பக்கம் போட்டால், அடியில் கேள்வி-பதில் வைத்தே ஆக வேண்டும். கேள்விகளும் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான்: எப்போது வரும், அளவு சரியில்லை என்றால் மாற்றலாமா, பணம் போய் ஆர்டர் விழாவிட்டால் என்ன செய்வது. பதிலை எழுதத்தான் இரண்டு வழி இருக்கிறது. '5 முதல் 7 வேலை நாட்களில் வரும்' என்று நாள் கணக்கில் சொல்லலாம். 'அக்டோபர் 13 மாலை 4 மணிக்குள் ஆர்டர் செய்தால் தீபாவளிக்கு முன் வரும்' என்று தேதி போட்டும் சொல்லலாம். தேதி போடுவதே நல்லது என்பது எங்கள் கட்சி. ஓர் இடத்தில் மட்டும் நாள் கணக்குக்கே வாக்களிப்போம், அது கடைசியில்.

நாள் கணக்கின் வசதி எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை எழுதினால் போதும், பொங்கலுக்கும் அதே வரி ஓடும். சிக்கல் அதைப் படிப்பவர் பக்கம். 2025 தீபாவளியையே எடுத்துக்கொள்வோம். அது அக்டோபர் 20, திங்கட்கிழமை. தி.நகர்க் கடை ஒன்றில் கோயம்புத்தூர்க்காரர் 14-ஆம் தேதி செவ்வாய் இரவு 9 மணிக்கு ஆர்டர் செய்கிறார். '5 வேலை நாள்' என்று படித்ததும் அவர் மனக்கணக்கு 14-உடன் 5-ஐக் கூட்டி 19-இல் நிற்கும். ஒரு நாள் மிச்சம் என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்.

கடையின் கணக்கு வேறு. மாலை 4 மணிக்கு மேல் வந்த ஆர்டர் மறுநாள் கணக்கில்தான் சேரும். புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று, சனிக்கிழமையையும் சேர்த்தால் நான்கு. ஞாயிறு கிடையாது, திங்கள் தீபாவளி. ஐந்தாவது வேலை நாள் 21, செவ்வாய். ஏழாவது நாள் 23, வியாழன். கடை சொன்ன சொல் தவறவில்லை, ஆனால் புதுத்துணி தீபாவளி முடிந்து வருகிறது. 'வேலை நாள்' என்ற சொல்லுக்குள் சனிக்கிழமை உண்டா, எத்தனை மணி வரை அன்றைய கணக்கு என்று வாங்குபவர் கேட்கமாட்டார். 19-ஆம் தேதி காலையில் போன் மட்டும் வரும்.

தேதி போடுவதென்றால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். துணி கையில் இருக்க வேண்டிய நாள் 18, சனி என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூருக்குச் சாதாரண நாளில் இரண்டு நாள் ஆகும் என்றால் பண்டிகைக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டைக் கூட்டுங்கள். 14-ஆம் தேதி பார்சல் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். பேக்கிங்குக்கு ஒரு நாள். ஆக, கடைசி நேரம் 13, திங்கள் மாலை 4 மணி. சென்னைக்குள் கூட்ட நெரிசலையும் சேர்த்து இரண்டு நாள் என்று வைத்தால் 15, புதன் மாலை 4 மணி. பதிலில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், இரண்டு தேதிகள் போதும்.

'சென்னைக்குள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். கூடுவாஞ்சேரியிலும் கேளம்பாக்கத்திலும் இருப்பவர்கள் தங்களைச் சென்னை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பின்கோடு 603202, 603103. கூரியர் அதை வேறு பகுதியாகப் பிரித்தால் ஒரு நாள் கூடும். '600-இல் தொடங்கும் பின்கோடுகளுக்கு' என்று எழுதினால் சண்டையே வராது. வெளிமாநிலத்துக்கு மட்டும் நாங்களும் தேதி போடத் தயங்குவோம். பாதை நீளம், இடையில் பார்சல் கை மாறும் இடங்கள் அதிகம். அங்கே 'தீபாவளிக்கு முன் வரும் என்று உறுதி சொல்ல இயலாது' என்பதுதான் நேர்மையான பதில்.

புடவை விற்பவர்களுக்கு இன்னொரு தேதியும் உண்டு. பிளவுஸ் தைக்க வேண்டுமே. தீபாவளி நெருங்கினால் தையற்கடையில் 'இனி ஆர்டர் எடுக்கறதில்ல' என்று பலகை மாட்டிவிடுவார்கள். 'பிளவுஸ் தைத்து உடுத்துவதாக இருந்தால் அக்டோபர் 6-க்குள் வாங்கிவிடுங்கள்' என்ற ஒரு வரி பல புலம்பல்களைத் தடுக்கும்.

தேதி போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கடைக்காரர்கள் பயப்படுவது உண்டு. பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன கால அட்டவணையைத் தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. ஆனால் '5-7 வேலை நாட்கள்' என்பதும் சொன்ன கால அட்டவணைதான். அதை எழுதித் தப்பித்துவிட முடியாது. இயற்கைச் சீற்றம் போல நம் கையை மீறிய காரணத்துக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது, ஆனால் கூரியரில் கூட்டம் என்பதை அதற்குள் அடக்குவது கடினம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதே அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் நிற்கும் என்பது சென்னையில் தொழில் செய்பவருக்குப் புதுச் செய்தி இல்லை. தேதி குறிக்கும்போதே மழைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இனி தேதி முறையின் உண்மையான பாரத்துக்கு வருவோம். அது பராமரிப்பு. தேதி ஊசிப்போகும். 13-ஆம் தேதி மாலை 4 மணி தாண்டியதும் அந்தப் பதில் பொய்யாகிவிடும். நாள் கணக்கு அரைகுறை உண்மையாக வருடம் முழுக்க இருக்கும். தேதி முழு உண்மையாக இருந்து ஒரே நொடியில் முழுப் பொய்யாகும். தேதி முறையைக் கைவிடும் கடைகள் பெரும்பாலும் இதனால்தான் கைவிடுகின்றன.

கெடுவது எப்படி என்று பாருங்கள். பக்கத்தில் தேதியை மாற்றிவிடுவார்கள். அதே தேதி பேனர் படத்துக்குள் எழுத்தாக இருக்கும், அதை மாற்ற டிசைனர் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் பதிலில் பழைய தேதி இருக்கும். போன் எடுக்கும் பெண்ணின் மேசையில் ஒட்டிய சீட்டில் அதற்கும் முந்தைய தேதி இருக்கும். வாங்குபவர் எதைப் பார்த்தாரோ அதுதான் அவருக்குச் சட்டம். ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார். ஆகவே தேதி ஒரே இடத்தில், பக்கத்தின் கேள்வி-பதிலில், எழுத்தாக மட்டும் இருக்கட்டும். பேனர், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாமே 'கடைசித் தேதியைப் பக்கத்தில் பாருங்கள்' என்று அங்கே கைகாட்டட்டும்.

மாலை 4 மணிக்கு யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும் என்று வைத்தால் அன்றைக்கென்று அவர் கல்லாவில் இருப்பார். இரண்டு பதிலையும் முன்கூட்டியே எழுதி, நேரம் வந்ததும் ஒன்று மறைந்து மற்றது தெரியும்படி செய்துவிடலாம். 13-ஆம் தேதிப் பதிலுக்கு மூன்று வரி போதும், சென்னையின் 15-ஆம் தேதிப் பதிலுக்கு இதையே வேறு பெயர்களோடு தனியாகப் போடுங்கள்:

```js
const last = new Date("2025-10-13T16:00:00+05:30");
document.getElementById("before").hidden = Date.now() > last;
document.getElementById("after").hidden = Date.now() <= last;
```

`before` என்ற பத்தியில் 'இப்போது ஆர்டர் செய்தால் தீபாவளிக்கு முன் வரும்' என்ற பதில். `after` பத்தியில் 'இனி செய்யும் ஆர்டர் தீபாவளிக்குப் பிறகே வரும். அவசரம் என்றால் கடைக்கு நேரில் வாருங்கள்' என்பது. `+05:30` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் துபாயிலிருந்து அம்மாவுக்குப் புடவை அனுப்பும் மகனின் போனில் நேரம் ஒன்றரை மணி தள்ளிப் போய், அவர் நம்மூர் நேரம் ஐந்தரை மணிக்கு ஆர்டர் போட்டுவிடுவார். மழையால் கூரியர் திடீரென்று நின்றால் மட்டும் இதைக் கையால் மாற்றத்தான் வேண்டும்.

எக்ஸ்சேஞ்சிலும் தேதிதான் ஜெயிக்கும், இன்னும் தெளிவாகவே. 'பொருள் வந்த 7 நாட்களுக்குள்' என்பது சாதாரண மாதத்துக்குச் சரி. தீபாவளித் துணியை அக்டோபர் 3-ஆம் தேதி வாங்கிப் பீரோவில் வைத்தால், பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பது 20-ஆம் தேதி விடியற்காலையில். ஏழு நாள் எப்போதோ முடிந்திருக்கும். 'விற்பனையில் வாங்கிய எதையும் அக்டோபர் 27 மாலை வரை மாற்றலாம். 18 முதல் 20 வரை கடையில் எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் இருக்காது' என்று எழுதுங்கள். அந்த மூன்று நாள் தி.நகர் நெரிசலில் மாற்றிக் கொடுக்க ஆளும் கிடையாது, சரக்கும் கலைந்திருக்கும்.

அந்தப் பதிலோடு சேர வேண்டிய வரி ஒன்று உண்டு. நம் வீடுகளில் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் கொடுப்பார்கள். வைத்துவிட்டால் அந்தத் துணியை மறுபடி விற்க முடியாது. 'மஞ்சள் வைப்பதற்கு முன் அளவு பார்த்துவிடுங்கள். மஞ்சள் வைத்த துணி, ஃபால்ஸ் அடித்த புடவை, பிளவுஸ் துண்டு வெட்டிய புடவை ஆகியவற்றை மாற்ற இயலாது' என்று எழுதிவிட்டால், 'பயன்படுத்தாத நிலையில் இருக்க வேண்டும்' என்ற பொது வரியைவிட இது நூறு மடங்கு புரியும். கேட்ட அளவு தீர்ந்துபோயிருந்தால் பணமா, கிரெடிட் நோட்டா என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். கிழிந்தோ தவறாகவோ வந்த துணிக்கு 'தள்ளுபடி விற்பனை, மாற்ற மாட்டோம்' என்ற வரி செல்லாது என்பதை ஊழியர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நாள் கணக்கு தேவைப்படும் இடம் பணம்தான். அது வங்கியின் கையில் இருக்கிறது, கடை தேதி குறிக்க முடியாது. யூபிஐயில் பணம் போய் கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இவை காலண்டர் நாட்கள், வேலை நாட்கள் அல்ல.

ஆனால் 13-ஆம் தேதி சிக்கிய பணம் 18-ஆம் தேதி திரும்பினால் யாருக்கு லாபம்? கடைசித் தேதி போய்விட்டதே. அதனால் பதிலில் 'காத்திருங்கள்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'அரை மணி நேரத்தில் ஆர்டர் எண் வராவிட்டால் யூபிஐ ஆப்பில் இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண்ணை எங்களுக்கு அனுப்புங்கள்; பணம் எங்களிடம் வந்திருந்தால் அப்போதே ஆர்டரைப் பதிவு செய்கிறோம்; வராவிட்டால் மறுபடி பணம் கட்டியோ கேஷ் ஆன் டெலிவரியிலோ ஆர்டர் செய்யுங்கள், முதல் தொகை தானாகத் திரும்பும்' என்று வழி சொல்லுங்கள். கூடவே, பணம் திரும்பப் பெற யூபிஐ பின் போடத் தேவையே இல்லை என்ற வரி. விற்பனை நாட்களில் கடை பெயரைச் சொல்லிப் பின் கேட்டு வரும் போன் அழைப்புகளுக்கு அதுதான் தடுப்பு.

தீபாவளி முடிந்த மறுநாள் டெலிவரிப் பதில்களை எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்ச் பதில் 27 மாலை வரை, பணம் பற்றிய பதில் கடைசி ரீஃபண்ட் போய்ச் சேரும் வரை அங்கேயே இருக்கட்டும்.