மாமல்லபுரத்தில் கல் பொம்மைக் கடை: ஒட்டிய விலையா, பேரமா?

மாமல்லபுரத்தில் நுழைவுச்சீட்டிலேயே இரண்டு விலை. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருபவர், இங்கேயும் தனக்கு ஒரு தனி விலை இருக்கும் என்று முடிவு கட்டித்தான் வருகிறார். ஆகவே விலையை ஒட்டி வைப்பதா, ஆளைப் பார்த்துச் சொல்வதா?

உள்ளங்கை அளவு மாக்கல் யானை ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். பட்டறையில் 200 ரூபாய்க்கு எடுத்தது என்று கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணியிடம் 900 சொன்னால் பேசிப் பேசி 500-க்கு முடியும். லாபம் 300. ஆனால் அவரை வழிகாட்டியோ கார் ஓட்டுநரோ கூட்டி வந்திருந்தால் கமிஷன் உண்டு. முப்பது சதவீதம் என்றால் 150 போய்விடும், மிச்சம் 150. அதே யானையில் 350 என்று ஒட்டி வைத்து, தானாக நடந்து வந்தவர் எடுத்தாலும் அதே 150தான். கால் மணி நேரப் பேச்சும் மிச்சம்.

டிசம்பர், ஜனவரியில் இந்தக் கால் மணி நேரம் பெரிய விஷயம். நாட்டிய விழா நடக்கும், ஒத்தவாடைத் தெரு விடுதிகள் நிரம்பியிருக்கும், கூட்டம் தானாகவே கடைப்பக்கம் வரும். ஒருவரிடம் பேரம் பேசி முடிப்பதற்குள் நாலு பேர் நகர்ந்துவிடுவார்கள். அதைவிடத் தலைவலி, ஒரே குழுவில் ஒருவர் 600-க்கும் இன்னொருவர் 350-க்கும் வாங்கிவிட்டு விடுதியில் ஒப்பிட்டுப் பார்ப்பது. மறுநாள் காலை யானையோடு வந்து நிற்பார்.

சரி, ஒட்டு விலைக்கும் ஒரு கேடு உண்டு. கமிஷனுக்கு இடமில்லாத கடைக்கு வழிகாட்டிகள் யாரையும் கூட்டி வர மாட்டார்கள். மே மாதம் பார்த்தால் வெளிநாட்டவர் அரிது, வருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சென்னைக் குடும்பங்கள். 350 என்ற சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் யானையை வைத்துவிட்டுப் போவார்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்கண்ணே" என்று கேட்டால்கூட வியாபாரம் இருக்கிறது, கேட்காமல் போனால்தான் விலை அவர்களுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். பேரக் கடைக்காரர் 280-க்குத் தள்ளிவிட்டு 80 பார்த்திருப்பார்.

என் கட்சி, சின்னச் சாமானுக்கு ஒட்டு விலை. ஆனால் சீட்டைப் பொம்மையில் ஒட்டாமல் தட்டில் வைக்க வேண்டும். யானையைவிட மலிவான சாமான் வைத்த "எதை எடுத்தாலும் 150" தட்டை மே மாதம் முன்னால் இழுத்துவிடலாம், டிசம்பரில் பின்னால் தள்ளலாம். யானையின் விலையைத் தொட வேண்டியதில்லை. இரண்டு அடி கருங்கல் பிள்ளையாருக்குப் பேரம்தான் சரி. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, ஒப்பிட முடியாது. பெட்டி கட்டுவது, கப்பலில் அனுப்புவது எல்லாம் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும்.

அப்புறம் ஐப்பசி மழை. டிசம்பர் சரக்கைப் பட்டறையில் எடுக்க வேண்டிய நேரத்தில் கல்லாப்பெட்டி காலியாக இருக்கும். பேரத்தில் மாதாமாதம் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தட்டு வியாபாரத்தில் ஓரளவு சொல்லலாம், அதை வைத்துப் பட்டறைக்காரரிடம் கடனும் கேட்கலாம்.