ஓட்ஸா, தவிடா? கரையும் நாரும் கரையாத நாரும்

இரண்டு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமி, இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி கோதுமைத் தவிடு. இரண்டையும் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். இசப்கோல் போட்ட டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் ஓடாது. கூழாக இறுகி ஒரே கட்டியாக நகரும். தவிடு கொஞ்சம் ஊறியிருக்கும், அவ்வளவுதான். அடியில் படிந்து கிடக்கும், மேலே தண்ணீர் தண்ணீராகவே நிற்கும்.

முதல் டம்ளரில் இருப்பது பெரும்பாலும் கரையும் நார்ச்சத்து, இரண்டாவதில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார்ச்சத்து. நம் குடல் இந்த இரண்டையுமே செரிக்காது. ஆனால் குடலுக்குள் இவை செய்யும் வேலை வேறு வேறு. "நார்ச்சத்து நிறைய சாப்பிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்திலும் பெரும்பாலும் மொத்த நார்ச்சத்து மட்டுமே அச்சாகியிருக்கும். இதனால் கொலஸ்ட்ராலைக் குறைக்க வேண்டியவர் தவிடு தின்றுகொண்டும், மலச்சிக்கல் உள்ளவர் ஓட்ஸ் கஞ்சியை மட்டும் நம்பிக்கொண்டும் இருப்பது நடக்கிறது.

கொலஸ்ட்ராலை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கே போட்டி ஒருதலைப்பட்சமானது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புகிறது. அதற்கான மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அந்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். நல்ல சிக்கனம். சிறுகுடலில் கூழ் போன்ற ஒரு பொருள் இருந்தால் இந்தச் சிக்கனம் கெடுகிறது. பித்த அமிலங்கள் கூழில் சிக்கி, மலத்தோடு வெளியே போய்விடுகின்றன. கல்லீரல் புதிதாகத் தயாரித்தாக வேண்டும். அதற்காக ரத்தத்தில் சுற்றும் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளூக்கான், இசப்கோல் உமி, பழங்களின் பெக்டின் எல்லாம் இப்படி வேலை செய்பவை. தவிடு கூழாவதில்லை. எனவே எவ்வளவு தின்றாலும் எல்.டி.எல். பெரிதாக அசையாது.

ரத்தச் சர்க்கரைக்கும் இதே கணக்குதான். கூழுக்குள் மாட்டிய மாவுச்சத்தை நொதிகள் மெதுவாகத்தான் எட்டுகின்றன, குளுக்கோஸும் மெதுவாக ரத்தத்தில் ஏறுகிறது.

சரி, மலச்சிக்கலுக்கு வருவோம். இங்கே தவிடு ஜெயிக்கும் என்று நினைப்போம். ஜெயிக்கிறதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தவிட்டில் உள்ள செல்லுலோஸும் லிக்னினும் பெருங்குடல் வரை ஏறக்குறைய முழுசாக வந்து சேர்கின்றன. சொரசொரப்பான அந்தத் துகள்கள் குடல் சுவரை உரசுகின்றன. உரசல் பட்ட சுவர் நீரையும் சளியையும் சுரக்கிறது, மலம் இளகி வேகமாக நகர்கிறது. அதாவது தவிடு வேலை செய்வது பெரும்பாலும் அதன் முரட்டுத்தனத்தால்! 1988ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், செரிக்கவே செரிக்காத பிளாஸ்டிக் துகள்களைச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் மலத்தை வேகமாக நகர்த்தியது. (தயவுசெய்து யாரும் வீட்டில் முயல வேண்டாம்.)

நிபந்தனை இங்கேதான் வருகிறது. தவிட்டை மாவு போல நைசாக அரைத்துவிட்டால் அந்த உரசல் போய்விடுகிறது. மலத்தின் உலர்ந்த கனம் மட்டும் கூடி, சிலருக்குச் சிக்கல் முன்பைவிட இறுகிவிடும். "நார்ச்சத்து சேர்த்தது" என்று விற்கும் மிருதுவான பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் தவிடு பெரும்பாலும் இப்படி நைசாகத்தான் இருக்கும். நாக்குக்குச் சொரசொரப்பே தெரியவில்லை என்றால் குடலுக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

கரையும் நார் மலச்சிக்கலுக்கு உதவுமா? இங்கேதான் 'கரையும்' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. இந்தப் பிரிவினை ஆய்வுக்கூடத்தில், நொதி கலந்த நீரில் எது கரைகிறது என்று பார்த்துப் பிறந்தது; உடம்புக்குள் என்ன செய்யும் என்று பார்த்துப் பிறந்ததல்ல. 1998ல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட நிபுணர் அறிக்கை, இந்த இரண்டு பெயர்களையும் மெல்லக் கைவிடலாம் என்றுகூடப் பரிந்துரைத்தது. பெயர்கள் போகவில்லை. எனக்கும் அவற்றைத் தூக்கி எறிய மனமில்லை, ஆனால் கூடவே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். இது தண்ணீரில் கூழாகிறதா? பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இதைத் தின்றுவிடுமா?

மூன்று கரையும் நார்களை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். வெங்காயம், பூண்டு, சிக்கரி வேரில் உள்ள இனுலின் நன்றாகக் கரையும், ஆனால் கூழாகாது. பாக்டீரியாக்கள் அதை விருந்தாகத் தின்று வாயுவைக் கிளப்பும். குடல் பாக்டீரியாக்களுக்கு நல்லது. கொலஸ்ட்ராலுக்குப் பெரிய பயன் இல்லை. ஓட்ஸின் பீட்டா குளூக்கான் சிறுகுடலில் கூழாகித் தன் வேலையை முடித்துவிடும், பிறகு பெருங்குடலில் பெரும்பாலும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிவிடும். மலத்தில் நீரைப் பிடித்துவைக்க மிச்சம் அதிகம் இருக்காது. இசப்கோல் கூழும் ஆகும், பாக்டீரியாக்களுக்கு அவ்வளவாக மசியவும் மசியாது. அந்தக் கூழ் தண்ணீரோடு கடைசிவரை பயணிக்கிறது. அதனால் இறுகிய மலத்தை இளக்குகிறது, தண்ணீராகப் போகும் மலத்தை ஓரளவு கட்டவும் செய்கிறது. ஒரே பொருள் எதிரெதிரான இரண்டு தொல்லைக்கும் உதவுவதன் ரகசியம் இதுதான்.

குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். தவிடு அவர்களில் பலருக்கு வலியையும் உப்புசத்தையும் கூட்டும், இசப்கோல் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

அப்புறம், எதில் எது இருக்கிறது? முற்றிலும் கரையும் நார் மட்டுமோ கரையாத நார் மட்டுமோ உள்ள முழு உணவு கிடையாது. விகிதம்தான் மாறுகிறது. கரையும் பக்கம் சாய்பவை ஓட்ஸ், பார்லி, ஆரஞ்சு, கேரட், வெட்டினால் வழவழக்கும் வெண்டைக்காய். வழவழப்பு நல்ல அடையாளம். கரையாத பக்கம் வெகுதூரம் சாய்ந்து நிற்பது கோதுமைத் தவிடு: 100 கிராம் தவிட்டில் 40 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, அதில் கரைவது சில கிராம்தான். முழுக்கோதுமை மாவு, கீரைகள், பாதாம் போன்ற கொட்டைகள், காய்கறித் தோல், பழுப்பரிசி எல்லாம் அதே அணி. ஆப்பிள் இரண்டையும் ஒரே பழத்தில் வைத்திருக்கிறது: தோலில் கரையாதது அதிகம், சதையில் பெக்டின். பழத்தைச் சாறு பிழிந்து வடிகட்டினால் நாரில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

என் ஓட்டு பயறு வகைகளுக்கு. வேகவைத்த ராஜ்மா அரை கப்பில் சுமார் 6 கிராம் நார், அதில் 2 முதல் 3 கிராம் கரையக்கூடியது. இரண்டு வேலைக்கும் ஒரே கிண்ணத்தில் சரக்கு இருக்கிறது. வாயுதான் விலை.

இதை ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்போம். வயது 48, எல்.டி.எல். 150, கூடவே மலச்சிக்கல். மூன்று மாதமாகக் காலையில் 40 கிராம் ஓட்ஸ் கஞ்சியும் இரவில் இரண்டு தேக்கரண்டி நைசான தவிட்டுப் பொடியும் சாப்பிடுகிறார். இரண்டு பிரச்சினையும் அப்படியே இருக்கின்றன. எங்கே தவறு?

கொலஸ்ட்ராலைக் குறைக்க ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997ல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதயநலன் பற்றி எழுத அனுமதித்தபோது வைத்த அளவும் இதுதான். ஓட்ஸின் எடையில் பீட்டா குளூக்கான் ஏறக்குறைய 4 சதவீதம். ஆக 40 கிராமில் கிடைப்பது 1.6 கிராம், பாதி வழிதான். அளவை 75 கிராமுக்கு ஏற்றலாம், இல்லையென்றால் மதியச் சோற்றில் ஒரு பங்குக்குப் பதில் பார்லியைச் சேர்க்கலாம். வடிகட்டிய ஓட்ஸ் பாலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் தயாரிப்பில் நொதிகள் சேர்ப்பார்கள், கூழாகும் தன்மை குறைந்துவிடலாம்.

தவிட்டுப் பொடியை அவர் நிறுத்திவிட்டு, இரவில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் இசப்கோலுக்கு மாறலாம். அதில் மூன்று கிராமுக்கு மேல் கரையும் நார் கிடைக்கும். அது எல்.டி.எல்.லுக்கும் கொஞ்சம் கை கொடுக்கும். தவிடுதான் பிடிக்கும் என்றால் கொரகொரப்பான தவிடாக வாங்கட்டும்.

முதல் வாரம் அரை மேசைக்கரண்டி போதும். எடுத்த எடுப்பில் முழு அளவுக்குப் போனால் வயிறு ஊதி, நான்காம் நாளே டப்பா பரணுக்குப் போய்விடும். இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில், சுமார் 250 மில்லியில், கலந்து அது இறுகுவதற்குள் குடித்துவிட வேண்டும். உலர்ந்த உமியை வாயில் போட்டுக் கொஞ்சம் தண்ணீரால் விழுங்குவது ஆபத்து. தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடலில் குறுகலோ அடைப்போ உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரம் இடைவெளி விடட்டும். கூழ் பித்த அமிலத்தைப் பிடிப்பது போலவே மருந்தையும் பிடித்துக்கொள்ளும்.

மலச்சிக்கலில் மாற்றம் சில நாட்களிலேயே தெரியும். எல்.டி.எல். அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தால்தான் அர்த்தம் உண்டு. அப்போது எதிர்பார்க்க வேண்டியது 5 முதல் 10 சதவீதக் குறைவு. அதாவது 150 என்பது 135க்கும் 143க்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். மருத்துவர் 100க்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருந்தால், மீதி வழியை ஓட்ஸ் நடக்காது. மாத்திரை பற்றி அவரிடமே பேச வேண்டியதுதான்.